`good first issue` லேபிளை சைகிட்-லேர்ன் ஏன் அரிதாகவே ஒட்டுகிறது

கிட்ஹப்பில் புதிதாக ஒரு ரெப்போ தொடங்கினால் ஒன்பது லேபிள்கள் நாம் கேட்காமலே வந்துவிடும். அதில் ஒன்று, புதியவருக்கு ஏற்ற முதல் வேலை என்று குறிக்கும் `good first issue`. ஒரு இஷ்யூவில், அதாவது ஒரு பிழைப் புகாரிலோ மாற்றக் கோரிக்கையிலோ, இதை ஒட்ட இரண்டு கிளிக் போதும். ஒட்டியதும், அந்த ரெப்போவின் முகவரிக்குப் பின்னால் `/contribute` என்று போட்டால் வரும் பக்கத்தில் அந்த இஷ்யூ தெரிய ஆரம்பிக்கும். புதியவர்களுக்கான இஷ்யூக்களைத் திரட்டிக் காட்டும் பல தளங்களும் அதை எடுத்துக்கொள்ளும். சில மணி நேரத்தில் "எனக்கு இதைக் கொடுங்கள்" என்ற பின்னூட்டங்கள் வந்து நிற்கும்.

பைத்தானில் மெஷின் லேர்னிங் படித்த எல்லாருக்கும் தெரிந்த சைகிட்-லேர்ன் இந்த லேபிளை மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறது. அதன் பங்களிப்பாளர் வழிகாட்டியிலேயே இதற்கான காரணத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாங்கள் முன்கூட்டியே ஊகிக்க முடியாது. எளிது என்று நினைத்த இஷ்யூக்கள் பெரும்பாலும் நினைத்ததைவிடச் சிக்கலாக முடிகின்றன. இதுதான் அவர்கள் சொல்லும் சாரம். பல புராஜெக்ட்கள் இந்த லேபிளை வரவேற்புப் பலகைபோல மாட்டி வைக்கும்போது, இத்தனை பேர் பயன்படுத்தும் ஒரு லைப்ரரி ஏன் இப்படிக் கையைக் கட்டிக்கொள்கிறது என்று பார்த்தால், புராஜெக்ட்டைப் பராமரிக்கும் மெயின்டெய்னர்களின் நேரம் எங்கே போகிறது என்பது புரியும்.

முதலில் நேரக் கணக்கு. சைகிட்-லேர்னில் ஒரு கோட் மாற்றம் உள்ளே போக இரண்டு கோர் டெவலப்பர்கள் சரி சொல்ல வேண்டும். எழுத்துப்பிழை திருத்தம், ஆவணத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு மட்டும் ஒருவர் போதும். அந்த டெவலப்பர்களில் சிலருக்கு இதற்கென்று சம்பளம் உண்டு. மற்றவர்கள் ஆராய்ச்சி, வேலை, குடும்பம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் வருகிறவர்கள்.

ஒரு உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபங்க்ஷன் தவறான பாராமீட்டருக்குக் குழப்பமான பிழைச் செய்தி தருகிறது. கோடை அறிந்த மெயின்டெய்னர் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் டெஸ்ட்டோடு சேர்த்து முடித்துவிடுவார். அதையே புதியவருக்கு விட வேண்டுமானால், எந்த ஃபைல், எந்த வரி, செய்தி எப்படி இருக்க வேண்டும், டெஸ்ட் எங்கே எழுத வேண்டும் என்று இஷ்யூவில் விளக்க அந்த அரை மணி நேரம் போய்விடும். பிறகு, எழுதிய மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் புல் ரிக்வெஸ்ட் வரும். ஃபார்மேட்டிங் தவறியிருக்கும், டெஸ்ட் பாதி இருக்கும். ஒருமுறை பார்த்துக் கருத்து எழுதி, திருத்தி வந்ததை மறுபடி பார்த்து, இரண்டாவது ரிவ்யூவருக்குக் காத்திருந்து, இதற்குள் மெயின் கிளையில் வேறு மாற்றம் வந்து மோதினால் அதையும் சரிசெய்து என்று போகும். மொத்தமாக இரண்டு பேரின் இரண்டு மூன்று மணி நேரம்.

ஆக, அந்தத் திருத்தத்துக்காக மட்டும் யாரும் இந்த லேபிளை ஒட்டினால் அது நஷ்டக் கணக்கு. அந்தப் புதியவர் மறுபடி வந்து இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது புல் ரிக்வெஸ்ட் போட்டால்தான் முதலில் செலவழித்த நேரம் திரும்பக் கிடைக்கும். எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்பது ஒட்டும்போது யாருக்கும் தெரியாது. மெயின்டெய்னர் இந்த லேபிளை ஒட்டும்போது, "இதை ரிவ்யூ செய்ய வரும் வாரங்களில் எனக்கு நேரம் இருக்கும்" என்று வாக்குக் கொடுக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன். நேரம் இல்லாமல் ஒட்டினால், மூன்று மாதம் பதில் வராத புல் ரிக்வெஸ்ட்டோடு ஒருவர் கசந்துபோய் விலகுவார். அதற்கு ஒட்டாமலே இருந்திருக்கலாம்.

சரி, ஒரு இஷ்யூ எளிதா கடினமா என்று முடிவு செய்வதற்கு முன்னாலேயே இன்னொரு வேலை இருக்கிறது. அது உண்மையில் இஷ்யூவா என்று பார்க்க வேண்டும். மருத்துவமனை அவசரப் பிரிவிலிருந்து வந்த பெயர்தான் இதற்கும்: ட்ரையாஜ்.

சைகிட்-லேர்னில் புதிதாக வரும் புகார் `Needs Triage` என்ற லேபிளோடு பிறக்கிறது. பிரச்சினை இன்னும் உறுதியாகவில்லை, எல்லை என்ன என்று பேசி முடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த லேபிள் போகும்வரை யாரும் கோட் எழுத ஆரம்பிக்க வேண்டாம் என்பது அவர்கள் கேட்டுக்கொள்வது. ஆர்வக்கோளாறில் அன்றே புல் ரிக்வெஸ்ட் போட்டுவிட்டால், "இது பிழையே இல்லை" என்று பிறகு முடிவாகும்போது இரண்டு பக்கமும் வீண் உழைப்பு.

புகார் எழுதும் படிவம் ஐந்து விஷயங்களைக் கேட்கும்: என்ன பிரச்சினை, அதை மறுபடி வரவழைக்கும் கோட், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, வெர்ஷன் விவரம். கடைசியாகக் கேட்பதற்கு `sklearn.show_versions()` என்று ஒரு வரி ஓட்டினால் பைத்தான், நம்பை, சைபை எல்லாவற்றின் வெர்ஷனும் கொட்டும். பார்க்கச் சம்பிரதாயம் போலத் தோன்றும். ஆனால் இரண்டாவது கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு புகார் ஐந்து நிமிடத்தில் முடியுமா, ஐந்து வாரம் இழுக்குமா என்பது முடிவாகிறது.

ஒன்றை முழுசாகப் பார்க்கலாம். 2019 டிசம்பரில் 0.22 வெர்ஷன் வந்தபோது `LogisticRegression`-இன் இயல்பு சால்வர், அதாவது மாடலின் கெழுக்களைக் கணக்கிடும் அல்காரிதம், `liblinear`-இலிருந்து `lbfgs`-க்கு மாறியது. அந்தச் சமயத்தில் இப்படி ஒரு புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அப்கிரேட் செய்த பிறகு என் மாடலின் ரிசல்ட் மாறிவிட்டது, அவசரம்." கூடவே நூறு வரி நோட்புக் கோட். அது படிக்கும் சிஎஸ்வி ஃபைல் கம்பெனிக்குச் சொந்தமானது, பகிர முடியாது.

இதை எடுக்கும் தன்னார்வலர் அந்த நூறு வரியைப் படிக்க உட்கார்ந்தால் அன்றைய மாலை போயிற்று. அனுபவசாலி படிக்க மாட்டார். உங்கள் டேட்டா இல்லாமலே, செயற்கை டேட்டாவில் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியுமா என்று நன்றியோடு ஒரு வரி கேட்பார். அல்லது சந்தேகம் எங்கே என்று தெரிந்தால் தானே எழுதிப் பார்ப்பார்:

```python
from sklearn.datasets import make_classification
from sklearn.linear_model import LogisticRegression

X, y = make_classification(weights=[0.9], random_state=0)
for s in ("liblinear", "lbfgs"):
    m = LogisticRegression(solver=s).fit(X, y)
    print(s, m.intercept_)
```

ஒரே டேட்டா, ஒரே மாடல், ஆனால் மாடலின் மாறிலி எண்ணான இன்டர்செப்டை இரண்டு சால்வரும் வேறு வேறாகத் தரும். காரணம், `liblinear` மற்ற கெழுக்களோடு சேர்த்து இன்டர்செப்டையும் ரெகுலரைஸ் செய்து பூஜ்யத்தை நோக்கி இழுக்கிறது. `lbfgs` அதை விட்டுவிடுகிறது. இங்கே `weights=[0.9]` போட்டது ஒரு வகுப்பு மிக அதிகமாக இருக்கட்டும் என்பதற்காக. அப்படி இருந்தால் இன்டர்செப்ட் பெரிதாக இருக்க வேண்டும், அதனால் இழுப்பும் நன்றாகக் கண்ணில் படும். `random_state=0` இருப்பதால் யார் ஓட்டினாலும் அதே டேட்டா. பயனர் வழிகாட்டியில் சால்வர்களை ஒப்பிடும் அட்டவணையிலும் இது இருக்கிறது. இன்டர்செப்டைத் தண்டிக்கும் குணத்துக்குப் பக்கத்தில் "மோசம்" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். சாதுவான ஆவணத்துக்குள் அப்படி ஒரு கோபம்.

ஆக இது பிழை இல்லை, அறிவித்துச் செய்த மாற்றம். அட்டவணையின் இணைப்பைக் கொடுத்து, பழைய ரிசல்ட்தான் வேண்டுமானால் `solver="liblinear"` என்று எழுதுங்கள் என்று சொல்லி மூடிவிடலாம். ஒரு எச்சரிக்கை: அந்த நோட்புக்கில் "lbfgs failed to converge" என்ற எச்சரிக்கைச் செய்தியும் வந்திருந்தால் கதை வேறு. இயல்பாக உள்ள 100 சுற்றுக்குள் விடை நிலைகொள்ளவில்லை என்று அர்த்தம். அப்போது டேட்டாவை ஸ்கேல் செய்யுங்கள், அல்லது `max_iter`-ஐக் கூட்டுங்கள் என்பதுதான் பதில். புகார் கொடுப்பவர்கள் இந்த எச்சரிக்கையை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் ஒட்டுவது சகஜம். அதனால்தான் படிவம் வெளியீட்டை முழுசாகக் கேட்கிறது.

இங்கேதான் லேபிள் ஒட்டக் கை பரபரக்கும். "பிழை இல்லை என்றாலும் ஆவணத்தில் இன்னும் தெளிவாகச் சொல்லலாமே, புதியவர் யாராவது ஒரு வரி சேர்க்கட்டும், `good first issue`." ஆனால் அந்த ஒரு வரி எங்கே போகும்? கிளாஸின் பக்கத்திலா, பயனர் வழிகாட்டியிலா, இரண்டிலுமா? `solver` என்ற இடத்திலா, `intercept_scaling` என்ற இடத்திலா? எவ்வளவு கணிதம் சொல்லலாம்? இதை முடிவு செய்யாமல் விட்டால் புதியவர் தன் ஊகத்தில் ஒன்று எழுதுவார். முதல் ரிவ்யூவர் வேறு இடம் சொல்வார், இரண்டாமவர் வரியே வேண்டாம் என்பார். முடிவெடுப்பதுதான் வேலையே, டைப் அடிப்பது மிச்சம். முடிவெடுக்கப்படாத எந்த இஷ்யூவும், எத்தனை சின்னதாகத் தெரிந்தாலும், முதல் இஷ்யூ ஆகாது. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸ் புராஜெக்ட் இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. அங்கே `/good-first-issue` என்று பின்னூட்டமிட்டால் பாட் லேபிளை ஒட்டிவிடும். ஆனால் தீர்வு விளக்கப்பட்டிருக்க வேண்டும், தொடர்புடைய கோட் சுட்டிக்காட்டப்பட்டிருக்க வேண்டும், டெஸ்ட் செய்யத் தயாராக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு.

அப்படியானால் புதியவர்களுக்கு சைகிட்-லேர்ன் கதவைச் சாத்திவிட்டதா என்றால் இல்லை. அது கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2021-இல் எல்லா கிளாஸ்களின், ஃபங்க்ஷன்களின் டாக்ஸ்ட்ரிங்கும், அதாவது கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கமும், நம்பைடாக் என்ற டூலின் விதிகளின்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். `sklearn/tests/test_docstrings.py` என்ற டெஸ்ட் ஃபைல் எல்லாவற்றையும் சோதிக்கும். அப்போது சரியாகாதிருந்தவற்றின் பெயர்களை அதே ஃபைலில் ஒரு விலக்குப் பட்டியலாகப் போட்டுவிட்டார்கள். ஃபங்க்ஷன்களுக்கான பட்டியலின் பெயர் `FUNCTION_DOCSTRING_IGNORE_LIST`. அதைச் சுற்றி ஒரே ஒரு தாய் இஷ்யூ. அப்போது வந்தவர் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அந்த வரியை அழிப்பது, பிறகு இதை ஓட்டுவது:

```
pytest sklearn/tests/test_docstrings.py
```

அழித்த ஃபங்க்ஷன் இப்போது டெஸ்ட்டில் தோற்கும். ஏன் தோற்றது என்றும் சொல்லும். ஒரு பாராமீட்டரின் விளக்கம் முற்றுப்புள்ளியில் முடியவில்லை, அது PR09. ஒரு பாராமீட்டருக்கு விளக்கமே இல்லை, அது PR07. திரும்பி வரும் மதிப்புக்கு விளக்கம் இல்லை, அது RT03. திருத்திக்கொண்டே போய், டெஸ்ட் தேறியதும் புல் ரிக்வெஸ்ட் போடலாம்.

இதில் நேரம் எப்படி மிச்சமாகிறது என்று பாருங்கள். விளக்கத்தை ஒரே ஒருமுறை எழுதினால் போதும்; பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறதோ அத்தனை முதல் இஷ்யூக்கள் கிடைத்துவிடும். எது சரி என்ற முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டு டெஸ்ட்டாக உட்கார்ந்திருக்கிறது. "முடிந்ததா?" என்று யாரிடமும் கேட்க வேண்டாம், டெஸ்ட் சொல்லிவிடும். புள்ளி, கமா சரிபார்ப்பை மெஷின் பார்த்துக்கொள்வதால், எழுதிய விளக்கம் உண்மையா என்பதை மட்டும் ரிவ்யூவர் பார்த்தால் போதும். ஸ்பிரின்ட் நாள்களில் பலர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு பெயர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. எல்லாரும் ஒரே பட்டியலிலிருந்து வரிகளை அழிப்பதால், பக்கத்துப் பக்கத்து வரியை எடுத்த இரண்டு பேரில் ஒருவருடையது முதலில் உள்ளே போனால் மற்றவருக்கு மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். கிட்டில் முதல்முறையாக அந்த `<<<<<<<` குறிகளைப் பார்ப்பவர் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்துவிடுவார். பட்டியலின் நடுவிலிருந்து, யாரும் தொடாத இடத்தில் பெயரை எடுங்கள் என்று சொல்லிவைத்தால் பாதி பிரச்சினை குறையும். இன்னொன்று, டெஸ்ட் ஓட்ட வேண்டுமானால் சைகிட்-லேர்னை சோர்ஸிலிருந்து பில்ட் செய்ய வேண்டும். சி-யாக மாற்றப்படும் சைத்தான் கோட் இருப்பதால் சி கம்பைலர் தேவை. விண்டோஸில் அதற்கு மைக்ரோசாஃப்டின் பில்ட் டூல்ஸைத் தனியாக இறக்க வேண்டும். முற்றுப்புள்ளி வைக்க வந்தவர் முதல் நாள் முழுவதும் கம்பைலரோடு மல்லுக்கட்டுவார். எந்த லேபிளும் இதைச் சொல்வதில்லை.

மெயின்டெய்னர் பக்கமும் ஒரு சின்னத் தடை உண்டு. 2021-இலிருந்து, ஒரு ரெப்போவுக்குப் புதிதாக வருபவரின் புல் ரிக்வெஸ்ட்டில், டெஸ்ட்களை ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தானாக ஓடாது. அதன் இலவச மெஷின்களில் சிலர் கிரிப்டோ மைனிங் செய்ய ஆரம்பித்ததால் வந்த ஏற்பாடு. மெயின்டெய்னர் வந்து ஒரு பட்டனை அழுத்தினால்தான் டெஸ்ட் ஓடும். அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உட்காருவார் என்றால், தன் மாற்றம் சரியா தவறா என்பது புதியவருக்கு அதுவரை தெரியாது.

இஷ்யூவை யார் எடுத்துக்கொள்வது என்பது அடுத்த தலைவலி. "எனக்கு ஒதுக்குங்கள்" என்று பத்துப் பேர் கேட்டால் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதவே நேரம் போகும். பாண்டாஸ் லைப்ரரி இதற்கு ஒரு சின்ன ஆட்டோமேஷன் வைத்தது. இஷ்யூவில் `take` என்று மட்டும் எழுதினால் அது தானாகவே எழுதியவர் பெயருக்குப் போய்விடும். சைகிட்-லேர்னில் அதுவே `/take`. மனிதர் யாரும் நடுவில் இல்லை. ஆனால் எடுத்தவர் காணாமல் போனால்? சைகிட்-லேர்ன் காலக்கெடு எழுதி வைத்திருக்கிறது. எடுக்கிறேன் என்று சொன்ன புதியவரிடமிருந்து இரண்டு வாரத்துக்குள் புல் ரிக்வெஸ்ட் எதிர்பார்க்கப்படும். பழைய பங்களிப்பாளருக்கும் கோர் டெவலப்பருக்கும் நான்கு வாரம். அதற்குப் பிறகு வேறு யாரும் எடுத்துக்கொள்ளலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை, சண்டையும் இல்லை. பூட்டி வைத்துக்கொண்டு செத்துக் கிடக்கும் இஷ்யூக்களை இந்த ஒரு விதி எவ்வளவோ குறைக்கிறது.

லேபிளை அள்ளித் தெளித்துக் கூட்டம் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. 2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் நடத்திய ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில் நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும், ரீட்மீயில் "அருமையான புராஜெக்ட்" என்று ஒரு வார்த்தை சேர்க்கும் மாற்றங்கள் வெள்ளமாக வந்தன. முதல் சில நாள்களிலேயே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்து `hacktoberfest` என்ற டாபிக் போட்ட ரெப்போக்களை மட்டும் கணக்கில் எடுத்தார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கின் ரெப்போவுக்கும் இதே கதி. புல் ரிக்வெஸ்ட் போடுவது எப்படி என்று காட்டிய ஒரு இந்திய வீடியோ பாடத்தைப் பார்த்து, மாணவர்கள் அங்கேயே தங்கள் பெயரை ரீட்மீயில் சேர்த்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் மூட யாரோ ஒரு தன்னார்வலர் கிளிக் செய்ய வேண்டியிருந்தது. நம் கல்லூரிகளிலும் ப்ளேஸ்மென்ட்டுக்காக "ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு" என்று ரெஸ்யூமேயில் ஒரு வரி வேண்டும் என்று துரத்துவதால், மாணவர்களை மட்டும் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சிக்கென்றே உள்ள ரெப்போக்கள் இருக்கின்றன. அதைச் சொல்லித்தராத பாடம்தான் தவறு.

புகார்களை மூடுவதில் ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் ஒரு குணம். குபர்னெட்டீஸ் பாட்டிடம் விட்டிருக்கிறது. 90 நாள் அசைவில்லை என்றால் `lifecycle/stale`, இன்னும் 30 நாளில் `lifecycle/rotten`, அதற்கும் 30 நாள் கழித்து மூடப்படும். ஆயிரக்கணக்கில் இஷ்யூ வரும் இடத்தில் வேறு வழியில்லை என்பது புரிகிறது. ஆனால் ஒழுங்காக மறுபடி வரவழைக்கும் கோடோடு எழுதிய பிழையும் யாரும் பார்க்காததால் "அழுகிப்போய்" மூடப்படும்போது, எழுதியவர் அடுத்த முறை அந்தச் சிரத்தை எடுக்க மாட்டார். கேட்ட விவரம் வராத புகார்களுக்கு மட்டும் கடிகாரம் ஓட விடலாம் என்பது என் கருத்து. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் மேல்தான் கெடு இருக்க வேண்டும்.

இத்தனை வேலையிலும் கோட் எழுதத் தெரிய வேண்டிய பகுதி குறைவுதான். கிட்ஹப்பில் ட்ரையாஜ் என்றே ஒரு அனுமதி நிலை இருக்கிறது. லேபிள் போடலாம், மூடலாம், டூப்ளிகேட் என்று குறிக்கலாம். கோடை மட்டும் தொட முடியாது. அந்த அனுமதிகூட இல்லாமல் இன்றைக்கே யாரும் செய்யக்கூடியது, `Needs Triage` ஒட்டிய ஒரு புகாரை எடுத்து அதிலுள்ள கோடை ஓட்டிப் பார்ப்பது. "1.4-இல் இதே பிழை வருகிறது, 1.3-இல் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் மெயின்டெய்னருக்கு `git bisect` செய்ய இரண்டு முனையும் கிடைத்துவிடும். நடுவில் ஆயிரம் கமிட் இருந்தாலும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பத்துச் சோதனையில் குற்றவாளி கமிட் சிக்கும். அந்த வரி இல்லாவிட்டால், ஒவ்வொரு பழைய வெர்ஷனையும் நிறுவிப் பார்த்து அந்த இரண்டு முனையைக் கண்டுபிடிப்பதிலேயே அவருடைய அந்த வாரத்து நேரம் தீர்ந்துவிடும்.